‘என்று’க்கு முன்னால் வரும் ‘நான்’ யார்?

கயல்: ஒரு சிறுகதையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். கதையைச் சொல்பவள் தங்கை. நடுவில் இப்படி ஒரு வரி: நான் பரீட்சையில் ஃபெயிலாகிவிட்டேன் என்று அக்கா அம்மாவிடம் சொன்னாள். மேற்கோள் குறி இல்லை. ஃபெயிலானது யார்? ‘ஷி ஹாட் ஃபெயில்ட்’ என்று எழுதுவதா, ‘ஐ ஹாட் ஃபெயில்ட்’ என்பதா?

முத்து: இதில் என்ன குழப்பம்? ‘என்று’ வந்தால் முன்னால் இருப்பது சொன்னவர் வாய்ப்பேச்சு. ‘நான்’ என்றால் அக்காதான். ‘ஷி’ போடுங்கள்.

இளவேனில்: பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் எப்போதும் இல்லை. தங்கையைப் பற்றி அக்கா கோள் சொல்லியிருந்தாலும் தங்கை இதே வரியை எழுதலாம். தமிழ் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ‘என்று’வை ‘ஆக’ என்று மாற்றிப் பாருங்கள், இரண்டும் பிரிந்துவிடும். ‘நான் ஃபெயிலாகிவிட்டதாக அக்கா சொன்னாள்’ என்றால் ஃபெயிலானது தங்கை மட்டும்தான். அக்கா என்றால் ‘தான் ஃபெயிலாகிவிட்டதாக’ என்று வரும். முன்பின் வரிகளோடு எது ஒட்டுகிறதோ அதுதான் விடை. அப்புறம், ‘ஷி’ போட்டாலும் தீராது. அம்மாவும் ‘ஷி’தானே! நம் ‘தான்’ செய்கிற வேலையைச் செய்ய அங்கே ஆள் இல்லை.

சேகர்: எனக்கு எதிர்த்திசையில் தொல்லை. நான் திருத்தும் தாள்களில் ‘ஹி செட் ஹி வாஸ் இல்’ என்பதற்கு எல்லாரும் ‘தனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது என்று சொன்னான்’ என்று எழுதுகிறார்கள். ‘வாஸ்’ இருக்கிறதே, சரிதானே?

இளவேனில்: கயல் கேட்டது வேறு, இருந்தாலும் சொல்கிறேன். அப்படி எழுதினால் சொன்னபோது அவன் குணமாகியிருந்தான் என்றாகிவிடும். அவன் வாயில் வந்தது ‘ஐ ஆம் இல்’. ‘செட்’ இறந்தகாலம் என்பதால் அதுவும் பின்னால் போய் ‘வாஸ்’ ஆனது. தமிழில் உள்வாக்கியத்தின் காலம் சொன்ன நேரத்திலிருந்து எண்ணப்படும். ஆகவே ‘தனக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னான்’ போதும். ‘ஹாட் பீன் இல்’ என்றிருந்தால் ‘சரியில்லாமல் இருந்ததாக’ என்று எழுதலாம்.

சேகர்: அப்போ ‘ஹி செட் ஹி வாஸ் இல் லாஸ்ட் வீக்’?

இளவேனில்: அங்கே ‘போன வாரம்’ இருக்கிறது, ‘இருந்ததாக’தான் சரி. ‘வாஸ்’ஸை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

கயல்: முந்தின பத்தியில் இருவருமே பரீட்சை எழுதியிருக்கிறார்கள், ‘ஆக’ போட்டும் இரண்டும் ஒட்டுகிறது. ஆசிரியர் வேண்டுமென்றே மறைத்திருப்பார் போல. ‘அக்கா டோல்ட் அம்மா அபவுட் த ஃபெயில்ட் எக்ஸாம்’ என்று ஆளையே எடுத்துவிட்டால்?

முத்து: பேச்சே போய்விடுகிறதே. வெறும் செய்தி மாதிரி இருக்கிறது.

இளவேனில்: போகத்தான் செய்யும். ஆனால் மர்மம் அடுத்த பக்கத்தில் உடைகிறதென்றால் நான் அதைத்தான் எடுப்பேன். உடைகிறதா?

கயல்: கடைசி வரை உடையவில்லை. ஆசிரியரிடமே கேட்டு எழுதியிருக்கிறேன்.