குவித்த லேசரின் இடை எங்கே இருக்கிறது? அளக்க உதவுங்கள்

பாளையங்கோட்டையில் இயற்பியல் முதுகலை படிக்கிறேன். எங்கள் ஹீலியம்-நியான் லேசரின் (632.8 நானோமீட்டர்) இடை ஆரம் வாயிலில் 0.4 மில்லிமீட்டர். 100 மி.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸை 2 மீட்டர் தள்ளி வைத்தேன். அங்கே கற்றை 1.08 மி.மீ. ஆரத்துக்கு விரிந்துவிடுகிறது, ஆகவே குவிந்த இடை ஏறக்குறைய 19 மைக்ரான் வர வேண்டும். சவர பிளேடால் வெட்டி அளந்தால் 50 மைக்ரான்!

இரண்டு நாள் லென்ஸைத்தான் திட்டினேன். பிறகுதான் உறைத்தது: நான் அளந்தது சரியாக 100 மி.மீ. தொலைவில். லென்ஸை எங்கே வைத்தாலும் குவியத் தளத்தில் ஆரம் λf/(πw₀), அதாவது 50 மைக்ரான்தான். லென்ஸுக்கு வருவது விரியும் கற்றை என்பதால் உண்மையான இடை 4.5 மி.மீ. அப்பால் இருக்கிறது.

அங்கே அளக்கலாம் என்றால், என் திருகின் ஒரு பிரிவே 10 மைக்ரான். அதனால் விரிகோணத்தை நம்பலாமா என்று யோசிக்கிறேன்: 19 மைக்ரான் இடைக்கு அரைக்கோணம் சுமார் 10 மில்லிரேடியன், ஒரு மீட்டர் தள்ளினால் ஆரம் சுமார் ஒரு சென்டிமீட்டர். ஆனால் கற்றை முழுக் காஸியன் இல்லையென்றால் இந்தக் கணக்கு இடையைக் குறைத்துக் காட்டுமே? செய்து பார்த்த அண்ணன், அக்கா யாராவது வழி சொல்லுங்கள்.