டிஜிட்டல் சூம்: கலைச்சொல் பரிந்துரை

இளவரசி:
நிழற்படக் கருவி ஒன்றின் பட்டியல்களைத் தமிழாக்கி வருகிறோம். ஆப்டிகல் சூமுக்கு ‘ஒளியியல் உருப்பெருக்கம்’, டிஜிட்டல் சூமுக்கு ‘எண்ணிம உருப்பெருக்கம்’, கிராப்புக்குச் ‘செதுக்கல்’ என்று வைத்திருக்கிறோம். இரண்டாவது சொல் எனக்கு நிறைவளிக்கவில்லை. முதல் இரண்டும் ஒரே வேலையின் இரு வகைகள் என்று படிப்பவர் நினைத்துவிடுவார்.

முருகேசன்:
செதுக்கலும் டிஜிட்டல் சூமும் ஒன்றுதானே அம்மா? இரண்டிலும் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒரே சொல் போதும்.

தணிகைவேல்:
பாதிதான் சரி, முருகேசன். நடுப்பகுதியை வெட்டுவது வரை இரண்டும் ஒன்றே. அதன் பிறகு டிஜிட்டல் சூம், வெட்டிய துண்டை முழுப்பட அளவுக்கு ஊதுகிறது. அருகருகே உள்ள புள்ளிகளின் நிறத்தைப் பார்த்து, இடையில் வரவேண்டிய புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்புகிறது. கோப்பு ஜேபெக்காகச் சேமிக்கப்பட்டால் வெட்டப்பட்ட ஓரங்கள் திரும்பக் கிடைக்கா. செதுக்கல் என்றால் எங்கே வெட்டுவது என்பதை வீட்டுக்கு வந்து முடிவுசெய்யலாம். ஆகவே டிஜிட்டல் சூமுக்கு ‘வெட்டிப்பெருக்கம்’ என்று பரிந்துரைக்கிறேன்.

ஒளியியல் உருப்பெருக்கம் முற்றிலும் வேறு. அங்கே உணரியின் மீது விழும் பிம்பமே பெரிதாகிறது. 16 செ.மீ. நீளமுள்ள சிரல் மீன்கொத்தி ஒன்று 20 மீட்டர் தொலைவில் பக்கவாட்டில் அமர்ந்திருக்கிறது என்று கொள்வோம். 300 மி.மீ. வில்லை அதை உணரியில் 2.4 மி.மீ. நீளத்துக்கு வரையும். ஏறக்குறைய 24 மி.மீ. அகலமுள்ள ஏபிஎஸ்-சி உணரியில் 6000-க்கு 4000 படப்புள்ளிகள் இருந்தால், அலகிலிருந்து வால்வரை ஏறக்குறைய 600 புள்ளிகள் கிடைக்கும். 600 மி.மீ. வில்லை போட்டால் 1200. எவ்வளவு வெட்டினாலும் ஊதினாலும் அந்த 600 கூடப்போவதில்லை.

ஜெயராணி:
என் படமும் ஏறக்குறைய அதேதான்! அதே வகை உணரியில், 300 மி.மீ. வில்லையில் எடுத்த மீன்கொத்தியைச் சுற்றி 1500-க்கு 1000 புள்ளிகளாக வெட்டியிருக்கிறேன். 12 அங்குல அகலத்தில் நாட்காட்டியில் அச்சிட வேண்டும். அச்சகத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்டார்கள். மென்பொருளில் 72 என்றிருந்ததை 300 என்று மாற்றிக் கொடுத்துவிட்டேன். போதும்தானே?

தணிகைவேல்:
போதாது, சகோதரி. புள்ளிகளின் எண்ணிக்கையைத் தொடாமல் அந்த எண்ணை மட்டும் மாற்றினால், அது கோப்பின் மேல் எழுதிய குறிப்பு மட்டுமே. 1500 புள்ளிகளை 12 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 125 வரும். 300 வேண்டுமென்றால் 5 அங்குலம்தான் அகலம். ஆனால் 300 என்பது கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கான அளவு. சுவரில் தொங்குவதை முக்கால் மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவருக்கு 125 ஓரளவு ஒப்பேறும்.

அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. அந்த 1500 புள்ளிகளிலும் உண்மையான விவரம் இருக்க வேண்டும். சோதிக்க எளிய வழி: படத்தின் நகல் ஒன்றைப் பாதி அளவுக்குச் சுருக்கி, மறுபடி பழைய அளவுக்குப் பெரிதாக்குங்கள். மூலத்தோடு அருகருகே வைத்து, கண்ணைச் சுற்றியுள்ள இறகுகளைப் பாருங்கள். வேறுபாடே தெரியவில்லை என்றால், உங்களிடம் உண்மையில் இருப்பது 750 புள்ளிகளின் விவரம்தான். அதை 12 அங்குலத்துக்கு இழுத்தால் தள்ளி நின்றாலும் மங்கல் தெரியும்.

ஜெயராணி:
செய்து பார்த்தேன், ஐயா. கண்ணில் விழுந்த ஒளிப்புள்ளி மட்டும் சற்று மழுங்குகிறது, இறகில் மாற்றமே இல்லை. கையில் பிடித்து, விநாடியில் 500-இல் ஒரு பங்கு வேகத்தில் எடுத்த படம் அது.

தணிகைவேல்:
பெரும்பாலும் கை நடுக்கம்தான். 6000 புள்ளி அகலத்தை 1500 ஆக, அதாவது நான்கு மடங்கு வெட்டினால் நடுக்கமும் நான்கு மடங்கு பெரிதாகித் தெரியும். உங்கள் உணரிக்கு 300 மி.மீ. என்பது முழுச்சட்டகக் கருவியின் 450-க்கு இணை. நான்கு மடங்கு வெட்டிய பின் 1800-க்கு இணையான காட்சிக்கோணம். கைப்பிடியில் 2000-இல் ஒரு பங்காவது வேண்டியிருந்திருக்கும், அல்லது முக்காலி. இந்தப் படத்தை 6 அங்குலத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இளவரசி:
‘வெட்டிப்பெருக்கம்’ செயலை அப்படியே சொல்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘வெட்டி’ என்றால் பயனற்றது என்றும் பொருள்படுமே. தயாரிப்பாளர் ஒப்புவாரா?

முருகேசன்:
இப்போது வேறுபாடு விளங்குகிறது. ஆனாலும் ஓர் ஐயம். 48 மெகாபிக்சல் கைப்பேசியில் நடுவிலிருக்கும் 12 மெகாபிக்சலை மட்டும் எடுத்து ‘2 மடங்கு’ என்று தருகிறார்கள். அங்கே வெட்டு உண்டு, ஊதல் இல்லை. அதை எந்தச் சொல்லில் அடக்குவது?

தணிகைவேல்:
நல்ல கேள்வி. ஊதல் இல்லாததால் அது வெட்டிப்பெருக்கம் ஆகாது. வழக்கமான 12 மெகாபிக்சல் படத்தோடு ஒப்பிட்டால் விவரமும் கொஞ்சம் கூடும். ஆனால் அந்த உணரிகளில் நான்கு நான்கு புள்ளிகள் ஒரே நிற வடிப்பானின் கீழ் இருப்பதால், முழு 48-இன் கூர்மை அதில் வராது. ‘உணரிச் செதுக்கல்’ எனலாமா? மற்றவர்களும் சொல்லட்டும்.