ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு பிபி, பல்ஸ் பார்ப்பதை உதவியாளரிடம் விடலாமா?

இளந்தளிர்:
சர்ஜரி வார்டில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஒரு ஷிஃப்டில் ஆபரேஷன் முடிந்தவர்கள் நாலைந்து பேர் வந்துவிடுகிறார்கள், எல்லோருக்கும் மணிக்கொரு தடவை பிபி, பல்ஸ் நானே பார்த்தால் மருந்து கொடுக்க நேரம் இல்லை. உதவியாளர் அக்கா நன்றாகவே பார்ப்பார். ஆனால் சீனியர் "அதெல்லாம் கையை விட்டுக் கொடுக்காதே" என்கிறார். எது சரி?

நேர்பேச்சு:
உங்க சீனியர் பழைய காலத்து ஆள். கஃபைக் கட்டி பட்டனை அழுத்தினால் மெஷின் நம்பர் சொல்லப் போகிறது, அதற்கு நாலு வருடப் படிப்பு எதற்கு? எவ்வளவுக்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அதற்குப் பிறகு கூப்பிடாமல் விட்டால் அது பார்த்தவர் பொறுப்பு.

பழைய ஸ்டாஃப்:
முதல் பாதி சரி தம்பி, கடைசி வரி தப்பு. அளந்ததும் அதைச் சரியாக எழுதியதும் அவர் பொறுப்பு. இந்த நோயாளியை, இந்த நேரத்தில், இவரிடம் விடலாம் என்று முடிவெடுத்ததும், வந்த நம்பரைப் பார்த்து என்ன அர்த்தம் என்று யோசிப்பதும் நர்ஸோடது. அதை யாரிடமும் தள்ளிவிட முடியாது.

கீழே போனால் கூப்பிடு என்பது மட்டும் போதுமா என்றும் பார்த்துவிடலாம். வயிற்று ஆபரேஷன் முடிந்து மதியம் வார்டுக்கு வந்தவர். மேல் பிபி 100க்குக் கீழே போனால் சொல்லுங்கள் என்று உதவியாளரிடம் சொல்லியாகிவிட்டது. 5 மணிக்கு பல்ஸ் 84, பிபி 128/78. 6 மணிக்கு 96, 122/80. 7 மணிக்கு 108, 116/84. 8 மணிக்கு 120, 108/86. ஒரு தடவைகூட 100க்குக் கீழே போகவில்லை, அதனால் உதவியாளர் கூப்பிடவில்லை, சொன்னதைத்தான் செய்தார். ஆனால் இந்த வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்து வருகிற நர்ஸுக்கு ஏழு மணிக்கே வயிற்றில் புளியைக் கரைக்கும். பல்ஸ் ஏறிக்கொண்டே போகிறது, மேல் நம்பருக்கும் கீழ் நம்பருக்கும் நடுவில் இருந்த 50 இடைவெளி 22 ஆகச் சுருங்கிவிட்டது. உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டிய படம் இது. உடம்பு முதலில் ரத்தக்குழாயை இறுக்கி, இதயத்தை வேகமாக ஓடவிட்டு பிபியைப் பிடித்து வைத்திருக்கும். பிபி நிஜமாக விழும்போது நிறைய இழந்திருப்பார்.

நேர்பேச்சு:
சரி, அப்போ எல்லையை மாற்றிச் சொல்ல வேண்டியதுதானே. பல்ஸ் 100 தாண்டினால் கூப்பிடு. முடிந்தது.

பழைய ஸ்டாஃப்:
வலியில் இருக்கிறவருக்கும் 100 தாண்டும், காய்ச்சலுக்கும் தாண்டும், கூப்பிட்டால் போய்ப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் இதயத்துடிப்பைக் குறைக்கிற மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு கசிந்தாலும் பல்ஸ் ஏறாமலே இருக்கலாம். அது கேஸ் ஷீட்டைப் படித்தவருக்குத்தான் தெரியும். அதனால்தான் ஒரே பிபி பார்க்கிற வேலையை ஒரு கட்டிலில் கொடுக்கலாம், பக்கத்துக் கட்டிலில் கொடுக்கக் கூடாது என்கிறேன்.

ஜன்னலோரம்:
எங்க அம்மாவுக்கு வீட்டில் ஒரு அட்டெண்டர் வைத்திருக்கிறோம், அவர் பிபி பார்த்து, கூடுதலா இருந்தா மாத்திரையையும் அவரே சேர்த்துக் கொடுக்கிறார். நம்பிக்கையான ஆள். அப்போ அது தப்பா?

பழைய ஸ்டாஃப்:
அம்மா, இங்கே பேச்சு ஆஸ்பத்திரி வார்டு. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: பார்த்து எழுதட்டும், மாத்திரையைக் கூட்டுவது குறைப்பது மட்டும் அவர் முடிவாக இருக்கக் கூடாது. டாக்டரைக் கேளுங்கள்.

கட்டில்_பக்கம்:
நான் உதவியாளர். ரொம்ப வருஷமாக இந்த வேலை. மேலே சொன்ன நாலு வரி மாதிரி நானே எழுதியிருக்கிறேன், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. "பிபி பார்த்துடுங்க" என்று நடக்கிற நடையிலேயே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். யாருக்கு, எத்தனை மணிக்கு, எது வந்தால் சொல்லணும், ஒன்றுமே இருக்காது. ஒரு தடவை ஒருத்தருக்கு உள்ளங்கை சில்லென்று வேர்த்திருந்தது, சொல்லப் போனேன், "நம்பர் எவ்வளவு" என்று கேட்டார்கள், நம்பர் நல்லாதான் இருந்தது, சரி போங்க என்றுவிட்டார்கள். பிற்பாடு அவரைத் திரும்ப தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் கண்ணால் பார்த்ததையும் கேளுங்கள்.

இன்னொன்று, மூச்சு எண்ணுகிற கட்டத்தை வெறுமனே விட்டால் திட்டு விழும் என்று எல்லோருக்கும் 20 போட்டுவிடுகிற பழக்கம் உண்டு. நாங்கள் மட்டும் இல்லை, சிஸ்டர்களும்தான்.

பழைய ஸ்டாஃப்:
அந்த 20 விஷயம் உண்மை. வார்டு முழுக்க மூச்சு 20 என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். மார்பின் போட்டவருக்கு நான் அதை உதவியாளரிடம் விடுவதே இல்லை. அங்கே மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணினால் மட்டும் போதாது, பேச்சுக் கொடுத்தால் எப்படி விழிக்கிறார், பாதிப் பேச்சில் தூங்கிப்போகிறாரா என்றும் பார்க்கணும். மூச்சு குறைவதற்கு முன்னால் பெரும்பாலும் அந்தத் தூக்கம்தான் வரும்.

இளந்தளிர், நான் செய்வது இதுதான். தியேட்டரிலிருந்து வந்ததும் முதல் பிபி, கட்டு நனைந்திருக்கிறதா, டிரெயின் குழாயில் எவ்வளவு வந்திருக்கிறது, எல்லாம் நானே. அடுத்தடுத்த சில தடவையும் நானே, நம்பர் ஒரு இடத்தில் நிற்கிற வரைக்கும். நின்ற பிறகு கொடுப்பேன். கொடுக்கும்போது, "5ஆம் கட்டில், மணிக்கொரு தடவை, எழுதுமுன் நான் கடைசியாக எழுதிய நம்பரைப் பாருங்கள், அதிலிருந்து பல்ஸ் 15 ஏறியிருந்தாலோ மேல் பிபி 100க்குக் கீழே வந்தாலோ உடனே நான் எங்கே இருந்தாலும் வந்து சொல்லுங்கள், ஆள் பார்க்க ஒரு மாதிரி இருந்தால் நம்பர் நல்லா இருந்தாலும் சொல்லுங்கள்" என்பேன். அப்புறம் அவரையே ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்வேன். எத்தனை முறை கொடுத்தாலும், இரண்டு தடவைக்கு ஒரு முறையாவது அந்தத் தாளை நான் பார்ப்பேன். இந்த 15, 100 எல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது, ஆளுக்கு ஆள் மாற்றணும். உங்கள் ஆஸ்பத்திரி விதி உதவியாளர் பார்க்கவே கூடாது என்றால் இது எதுவும் செல்லாது, முதலில் அதைக் கேளுங்கள்.

நேர்பேச்சு:
நீங்கள் எழுதிய நம்பரோடு ஒப்பிடச் சொல்கிறீர்களே, அதுவே யோசிக்கிற வேலைதானே? நீங்கள்தான் யோசிப்பது நர்ஸோடது என்றீர்கள்.

பழைய ஸ்டாஃப்:
கழித்துப் பார்த்து 15 வந்தால் சொல்லு என்பது கணக்கு. ஏன் ஏறியது என்பதுதான் யோசனை. ஆனால் "ஒரு மாதிரி இருந்தால்" என்பது எந்தப் பக்கம் என்று கேட்டால், அங்கே கோடு அவ்வளவு நேராக இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

கட்டில்_பக்கம்:
அந்தக் கோடு எங்களுக்குக் கவலையில்லை சிஸ்டர். வந்து சொன்னால் எழுந்து வந்து பார்த்தால் போதும்.

இளந்தளிர்:
இரவில் நான் ஒரே ஆள், ஒரே நேரத்தில் இரண்டு பேர் தியேட்டரிலிருந்து வந்தால்? இரண்டு பேருக்கும் முதல் சில தடவை நானே என்றால் மற்ற கட்டில்கள்?

பழைய ஸ்டாஃப்:
மருந்து நேரத்தைத் தள்ள முடிந்ததைத் தள்ளுங்கள், ஏற்கெனவே நிலையாக இருக்கிறவர்கள் எல்லோரையும் அக்காவிடம் விடுங்கள், புதிதாக வந்த இரண்டும் உங்களுடையது. அதற்கும் முடியாவிட்டால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு ஆள் கேளுங்கள், கேட்ட நேரத்தை எழுதி வையுங்கள். ஆள் வருமா என்பது வேறு கதை.

நேர்பேச்சு:
வராது.