ஸ்டோர்க்காரரும் கட்டிங் மாஸ்டரும் முகம் கொடுத்துப் பேசுறதில்லை. ரெண்டு பேரையும் விட முடியாது

அவினாசிரோடு:
திருப்பூர்ல சின்ன பனியன் கம்பெனி. அப்பாவுக்கு அப்புறம் நான் பார்க்கிறேன். துணி ஸ்டோர் பார்க்கிறவரும் கட்டிங் மாஸ்டரும் அப்பா காலத்து ஆளுங்க. போன ஆர்டர்ல 840 கிலோ துணிக்கு 4,000 பீஸ் வந்திருக்கணும், 3,810 தான் வந்தது. "துணியைக் குறைச்சுத் தந்துட்டான்"னு மாஸ்டர் சொல்றார், "மேசையில வீணடிச்சுட்டான்"னு ஸ்டோர்க்காரர் சொல்றார். தையல் ஹால்ல அத்தனை பேர் முன்னாடி சத்தம் போட்டுக்கிட்டாங்க. ஒருத்தர் போனாலும் எனக்குத் தாங்காது. யார் பக்கமும் சாயாம இதை எப்படித் தீர்க்கிறது?

கரூர்க்காரன்:
ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல, ஒரே வாசகத்துல மெமோ கொடுங்க. எல்லார் முன்னாடியும் கத்தினது ரெண்டு பேரோட தப்பு. அப்புறம் உட்கார்ந்து 190 பீஸ் எங்கே போச்சுன்னு கண்டுபிடிச்சு, யார் தப்போ அவர்கிட்ட நேரா சொல்லுங்க. நழுவிக்கிட்டே இருந்தா ஹால்ல இருக்கிற டெய்லருங்க முதலாளிக்கு முதுகெலும்பு இல்லைன்னு முடிவு பண்ணிடுவாங்க. நான் 20 வருஷம் புரொடக்‌ஷன் பார்த்தவன், அனுபவத்துல சொல்றேன்.

கலா மெஸ்:
எங்க மெஸ்ல சமையல் மாஸ்டருக்கும் மளிகை எடுத்துக் கொடுக்கிற அக்காவுக்கும் இதே சண்டை. எண்ணெய் பத்தலை, எண்ணெய் அதிகம்னு தினமும். ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வெச்சு சாப்பாடு போட்டேன். அன்னைக்கே சிரிச்சுப் பேசினாங்க. நீங்களும் ஒரு நாள் குடும்பத்தோட கூப்பிடுங்க தம்பி. நம்ம ஆளுங்க மனசுல சாப்பாட்டுக்கு மிஞ்சி ஒண்ணும் நிக்காது.

பழைய ஃபேக்டரி மேனேஜர்:
தம்பி, யாரையும் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அந்தத் துணி எத்தனை ஜிஎஸ்எம்-னு, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு, ஆர்டர் கொடுத்தீங்க? சாயத்துக்கு அப்புறம் சுருக்கத்தைச் சரிபண்ற காம்பாக்டிங் முடிஞ்சு வந்தப்ப யாராவது ஜிஎஸ்எம் எடுத்தாங்களா? மிச்சத் துண்டு இருந்தா இப்பவே எடுத்துப் பாருங்க. வட்டக் கட்டர்ல 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி எடை போடுங்க. 1.80 கிராம் வந்தா 180.

அவினாசிரோடு:
180 கேட்டிருந்தோம்ண்ணா. வந்தப்ப யாரும் எடுக்கலை, எடை மட்டும்தான் பார்த்தாங்க. இன்னைக்கு மிச்சத் துண்டுல அஞ்சு இடத்துல எடுத்தேன். 187, 188, 189-னு வருது.

பழைய ஃபேக்டரி மேனேஜர்:
அங்கதான் உங்க சண்டை இருக்கு. ஸ்டோர்ல துணி கிலோவுல வருது, மேசையில பரப்பா வெட்டுறாங்க. 180-ல பீஸுக்கு 210 கிராம் போட்டு 4,000-னு கணக்குப் போட்டிருக்கீங்க. அதே துணி 188 ஆனா பீஸுக்கு 219 கிராமுக்கு மேல போகும். 840 கிலோவுக்கு 3,830 பீஸ்தான் வரும். ஸ்டோர்க்காரர் முழு எடை கொடுத்தார்ங்கிறதும் உண்மை, மாஸ்டர் மேசைக்குத் துணி குறைவா வந்ததுங்கிறதும் உண்மை. ரெண்டு பேரும் பொய் சொல்லலை. ஒரே துணியை ஒருத்தர் தராசுலயும் இன்னொருத்தர் ஸ்கேல்லயும் பார்த்திருக்காங்க. கனமான துணியை அனுப்பின டையிங்காரர் இந்தச் சண்டையில இல்லவே இல்லை.

கரூர்க்காரன்:
கணக்கு சரி. ஆனா 3,830-க்கும் 3,810-க்கும் நடுவுல 20 பீஸ் இருக்கே. அது மேசையில போனது. அதை மாஸ்டர்கிட்ட கேட்கணுமா வேண்டாமா? 170 பீஸ் துணியால போச்சுன்னு சொல்லி மீதியை மறைச்சா, ஸ்டோர்க்காரர் கண்ணுல நீங்க மாஸ்டர் பக்கம்.

பழைய ஃபேக்டரி மேனேஜர்:
20 பீஸ் எல்லாம் சேர்த்து நாலரைக் கிலோகூட இல்லை. மேசையில அடுக்கா விரிக்கிற லே-யோட கடைசியில விழுற எண்ட் பிட் துண்டாவும் இருக்கலாம். ஈரமாவும் இருக்கலாம், பஞ்சுத் துணி மழை நாள்ல ஈரம் இழுத்துத் தராசுல கூடக் காட்டும், காய்ஞ்சா குறையும். எதுன்னு இனிமே நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாததை வெச்சு ஒருத்தரை நிறுத்திக் கேள்வி கேட்டா மாஸ்டர் போயிடுவார். திருப்பூர்ல மாஸ்டர் தனியாப் போகமாட்டார், கை ஆளுங்களையும் கூட்டிட்டுப் போவார். பழைய லாட்டைத் திறக்காதீங்க. அடுத்த லாட்லேர்ந்து ஆரம்பிங்க.

நீதிமன்றச்சாலை:
ஒரு கேள்வி. ஹாலில் கத்தியபோது என்ன வார்த்தைகள் பேசப்பட்டன? பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத இன்னொருவர் பலர் முன்னால் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால், அது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரும் குற்றம். கை வைத்திருந்தாலும் இது வேறு விஷயம். அப்போது முதலாளி நடுவில் நின்று சமாதானம் பேசக் கூடாது. பாதிக்கப்பட்டவரின் புகாரை எழுத்தில் வாங்கி முறையாக விசாரிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள்.

அவினாசிரோடு:
அப்படி எதுவும் இல்லைங்க. கையும் வைக்கலை. "உனக்குத் தொழிலே தெரியாது", "கணக்குல ஏமாத்துறே"ன்னு அதோட முடிஞ்சுது.

கரூர்க்காரன்:
"ஏமாத்துறே"ங்கிறது சின்ன வார்த்தையா? துணியைத் திருடினான்னுதான் அர்த்தம். அதுக்கு முதலாளி ஒண்ணும் சொல்லலைன்னா, அந்த ஆள் வீட்ல எப்படித் தலைநிமிர்ந்து இருப்பார்?

பழைய ஃபேக்டரி மேனேஜர்:
இதுல கரூர்க்காரர் சொல்றது நியாயம்தான். எல்லார் முன்னாடியும் விழுந்த பழியை எல்லார் முன்னாடியும்தான் எடுக்கணும். அதுக்கு மெமோ வேண்டாம். ஹால்ல லைன் நிறுத்தி, "அந்த லாட் துணி கனமா வந்திருக்கு, நானே ஜிஎஸ்எம் எடுத்துப் பார்த்தேன், யாரும் துணி எடுக்கவும் இல்லை வீணாக்கவும் இல்லை"ன்னு ரெண்டு வாக்கியம் சொன்னாப் போதும். 20 பீஸ் அந்த வாக்கியத்துல வரவேண்டாம்.

அதுக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியாப் பேசணும். ஒரே நாள், ஒரே இடம், ஏறக்குறைய ஒரே நேரம். யாரை முதல்ல கூப்பிட்டீங்கன்னு பத்து நிமிஷத்துல ஹாலுக்கே தெரிஞ்சிடும். அதனால ஸ்டோர்க்காரரை முதல்ல கூப்பிடுங்க, துணி முதல்ல அவர்கிட்டதான் வருதுன்னு காரணத்தையும் மாஸ்டர்கிட்டயே சொல்லிடுங்க. "என்ன சண்டை?"ன்னு கேட்காதீங்க. "வண்டியிலேர்ந்து துணி இறங்கினதுலேர்ந்து மேசைக்குப் போற வரை என்னென்ன நடக்குது, சொல்லுங்கண்ணா"ன்னு கேளுங்க. சொல்றதை எழுதிப் படிச்சுக் காட்டுங்க. "இதை அவன்கிட்ட சொல்லிடாதே"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சா, "அப்படின்னா எங்கிட்டயும் சொல்லாதீங்கண்ணா, நான் ஒளிச்சு வெச்சுக்கமாட்டேன்"னு அங்கேயே நிறுத்திடுங்க. ஒருத்தரோட ரகசியம் உங்க கையில வந்த நிமிஷமே நீங்க அவர் பக்கம் போயாச்சு.

அப்புறம்தான் ரெண்டு பேரும் சேர்ந்து. உங்க ரூம்ல வேண்டாம், தராசு பக்கத்துல. இனிமே ஒவ்வொரு ரோலும் மேசைக்குப் போகும்போது எடையும் ஜிஎஸ்எம்-மும் எடுத்து, ரெண்டு பேரும் ஒரே நோட்டுல கையெழுத்து. கேட்டதுக்கு மேல 5 சதவீதம் போனா அந்த ரோல் வெட்டக் கூடாது, உங்களுக்கு போன் வரணும். டையிங்காரர்கிட்ட நீங்க பேசுவீங்க.

கலா மெஸ்:
எழுதி வெச்சா சந்தேகப்படுறாங்கன்னு பெரிய மனுசங்களுக்குக் கோபம் வராதா? இத்தனை வருஷம் நோட்டு இல்லாமத்தான இருந்தாங்க.

கரூர்க்காரன்:
அதோட ஜிஎஸ்எம் யார் எடுக்கிறது? ஸ்டோர்க்காரர் எடுத்தா மாஸ்டர் நம்பமாட்டார். மாஸ்டர் எடுத்தா அவர் நம்பமாட்டார்.

பழைய ஃபேக்டரி மேனேஜர்:
குவாலிட்டி பார்க்கிற பொண்ணு எடுக்கட்டும். ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கட்டும்.

தையல்மிஷின்:
நான் செக்கிங்ல இருந்தவ. அண்ணா சொல்றது எழுதிப் பார்க்க நல்லா இருக்கு. 22 வயசுப் பொண்ணை ரெண்டு பெரியவங்களுக்கு நடுவுல நிறுத்தி நம்பர் எழுதச் சொன்னா, 189-ஐ 185-னு எழுதச் சொல்லி ரெண்டு பக்கமும் அழுத்தம் வரும். யாருக்குப் பிடிக்கலையோ அவங்க அவளைத்தான் திட்டுவாங்க. கட்டரை அவங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போடட்டும், ஒருத்தர் வெட்டினா இன்னொருத்தர் எடை போடட்டும். வெட்டின வட்டத்தை ரோல் நம்பர் எழுதி அந்த நோட்டுலயே ஒட்டுங்க. சந்தேகம் வந்தா மறுபடி எடை போடலாம்.

பழைய ஃபேக்டரி மேனேஜர்:
அம்மா சொல்றதுதான் சரி. வட்டத்தை ஒட்டி வைக்கிறது என் யோசனையை விட நல்லது. டையிங்காரர்கிட்ட காட்டவும் ஆகும்.

அவினாசிரோடு:
இன்னொண்ணு சொல்லணும். ஸ்டோர்க்காரர் எங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வருவார், ஸ்டோர் சாவியோட ஆபீஸ் சாவியும் அவர்கிட்டதான். மாஸ்டர் தனியாப் பேசினப்ப முதல்ல சொன்னது துணியைப் பத்தி இல்லை. "நீங்க எப்படியும் அவர் பக்கம்தான் நிப்பீங்க"ன்னார்.

கரூர்க்காரன்:
அப்படின்னா ஆபீஸ் சாவியை வாங்கிடுங்க.

பழைய ஃபேக்டரி மேனேஜர்:
இப்ப வாங்கினா ஸ்டோர்க்காரருக்குத் தண்டனை கொடுத்த மாதிரி ஆகும். ஹாலே அப்படித்தான் படிக்கும். சாவி அப்படியே இருக்கட்டும். மாஸ்டருக்குத் துணி விஷயத்துல ஒரு அதிகாரம் கொடுங்க. ஜிஎஸ்எம் மீறின ரோலை வேண்டாம்னு திருப்புற உரிமை அவருக்குன்னு எழுதிக் கொடுங்க. வீட்டுப் பழக்கத்தை மறைக்க வேண்டாம். "அவர் எங்க வீட்டுக்கு வர்றவர்தான், துணி விஷயத்துல நோட்டுதான் பேசும்"னு மாஸ்டர்கிட்ட நேரா சொல்லுங்க.

அவினாசிரோடு: (மூணு வாரம் கழிச்சு)
ஹால்ல சொன்னேன். ஸ்டோர்க்காரர் அன்னைக்கு மத்தியானமே நோட்டு வாங்கிட்டு வந்துட்டார். மாஸ்டர் ரெண்டு நாள் கையெழுத்துப் போடலை, மூணாவது நாள் அவரே கட்டரை எடுத்தார். புது லாட்ல ரெண்டு ரோல் 190-க்கு மேல வந்தது, வெட்டாம வெச்சு ஒட்டின வட்டத்தோட டையிங்காரர்கிட்ட போனேன். ஒரு ரோலுக்குக் கணக்குல கழிச்சுத் தர ஒத்துக்கிட்டார். இன்னொண்ணுக்கு, துணி எங்க கிட்ட ஈரம் இழுத்துருச்சுன்னு வாதம் பண்றார். ரெண்டு பேரும் ரோல் பத்தி மட்டும் பேசுறாங்க, டீக்கு இன்னும் தனித்தனியாத்தான் போறாங்க.

கரூர்க்காரன்:
அப்ப சண்டை தீரலை. தீபாவளி போனஸ்ல யாருக்கு எவ்வளவுன்னு கவர் பிரிக்கும்போது மறுபடி வெடிக்கும். பழைய லாட்டைத் திறந்து பேசியிருந்தா முடிஞ்சிருக்கும்னுதான் இன்னும் சொல்றேன்.

பழைய ஃபேக்டரி மேனேஜர்:
போனஸ் விஷயத்துல கரூர்க்காரர் பயம் சரி. ரெண்டு பேருக்கும் எந்தக் கணக்குல கொடுக்கிறீங்கன்னு தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடியே தனித்தனியாச் சொல்லிடுங்க. டையிங்காரர்கிட்ட ஈர வாதம் நடக்கிற ரோலைக் காய வெச்சு, ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கும்போது மறுபடி ஜிஎஸ்எம் எடுங்க. வர்ற நம்பரை இங்க போடுங்க தம்பி.