கலைச்சொல்: மோட்டர் சும்மா இருக்கும் எல்லைக்கு என்ன பெயர்?

உவர்மலை ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் உயர்தரப் பிள்ளைகள் நாலு பேர் 10 வாற்று சோலார் பனல் ஒன்றைச் சூரியனோடு சேர்ந்து திரும்ப வைத்திருக்கிறார்கள். மரச்சட்டம், வடக்கு தெற்காகக் கிடக்கும் ஓர் அச்சு, கிழக்கிலிருந்து மேற்காகத் திருப்ப ஒரு கியர் மோட்டர். பனலின் விளிம்பில், வெயில் கூடினால் தடை குறையும் இரண்டு எல்.டி.ஆர்., நடுவில் 3 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு தகரத் துண்டு. இரண்டிலும் விழும் வெயிலை அர்டுயினோ பலகை 0 முதல் 1023 வரை எண்ணாக வாசிக்கிறது. சூரியன் நேரே நின்றால் இரண்டிலும் ஒரே வெயில். கொஞ்சம் சரிந்தால் தகரத்தின் நிழல் ஒன்றின் மேல் விழும், மோட்டர் வெயில் கூடிய பக்கம் திரும்பும்.

முதல் நாள் அது படுத்திய பாடு சொல்லி முடியாது. இரண்டு வாசிப்புகளும் ஒருபோதும் சரியாகச் சமமாவதில்லை. ஒன்று கூடினால் இப்படி, மற்றது கூடினால் அப்படி என்று மோட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே நின்றது. அரை மணியில் மோட்டரில் கை வைக்க முடியாத சூடு. பிறகு ஒரு பிள்ளை, வித்தியாசம் 40க்குள் இருந்தால் மோட்டர் ஓடவே கூடாது என்று ஒரு வரி போட்டான். அடங்கிவிட்டது.

இப்போது அறிக்கை எழுதுகிறார்கள். அந்த 40க்கு ஆங்கிலத்தில் டெட் பாண்ட் என்கிறார்கள். பிள்ளைகள் அதை ‘இறந்த பட்டை’ என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். அதில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. வேறு என்ன சொல்லலாம்?

நிலாவெளி விடுதிக்காரர் எழுதியது:

ரீச்சர், செத்த பனல் விஷயம் என்றால் எனக்கும் கொஞ்சம் தெரியும். எங்கள் விடுதிக் கூரையில் 16 பனல் கிடக்கிறது. போன வருடம் அதில் இரண்டு ஒன்றுமே தராமல் போய்விட்டது. திறந்து பார்த்தால் இணைப்பில் பச்சைப் பூஞ்சணம் மாதிரிச் செம்புக் களிம்பு. உப்புக் காற்றின் வேலை. உங்கள் பிள்ளைகளின் எல்.டி.ஆர். கால்களையும் வார்னிஷ் பூசி மூடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாரிக்கு முன்னமே அதுவும் செத்துவிடும்.

கிண்ணியா திருத்துநர் எழுதியது:

அண்ணன், அவர் கேட்டது செத்த பனலைப் பற்றி அல்ல. மோட்டர் வேண்டுமென்றே அசையாமல் இருக்கிற அளவுக்குத்தான் பெயர் கேட்கிறார். வார்னிஷ் யோசனை நல்லதுதான்.

ஆனால் ரீச்சர், இதற்கெல்லாம் தனிச்சொல் தேவையா? நானும் கடையின் பின்பக்கம் இதே மாதிரி ஒன்று செய்து வைத்திருக்கிறேன். அந்த 40 வரியெல்லாம் நான் போடவில்லை, ஒன்றிரண்டு எண் வித்தியாசத்தை மட்டும் அது கணக்கில் எடுக்காது. வெயில் ஏறிய பிறகு அது தானாகவே ஒரு மணி, ஒன்றரை மணி அசையாமல் நிற்கும், பிறகு ஒரே மூச்சில் திரும்பும். எல்.டி.ஆரிலேயே அந்தக் குணம் இருக்கிறது. புத்தகத்தில் இதைத்தான் ஹிஸ்டரிசிஸ் என்பார்கள், அதற்கு ஏற்கெனவே ‘பின்னடைவு’ என்று சொல் இருக்கிறது. அதையே போடுங்கள்.

சீனக்குடா, ஓய்வுபெற்ற மின் தொழில்நுட்பவியலாளர் எழுதியது:

தம்பி, உங்கள் எல்.டி.ஆருக்குக் கீழே என்ன தடையி போட்டிருக்கிறீர்கள்? நண்பகலில் இரண்டு வாசிப்பும் எவ்வளவு காட்டுகிறது?

கிண்ணியா திருத்துநர் எழுதியது:

10 கிலோஓம், ஐயா. எல்லோரும் போடுவதுதானே. நேற்று 11 மணிக்கு 1018, 1016.

சீனக்குடா ஐயா எழுதியது:

நினைத்தேன். அது குணமல்ல, குருடு.

வீட்டுக்குள் மேசையில் சோதிக்கும்போது எல்.டி.ஆரின் தடை சில ஆயிரம் ஓம் இருக்கும், அதோடு 10 கிலோஓம் நன்றாகப் பொருந்தும். நேர் வெயிலில் அதே எல்.டி.ஆர். சில பத்து ஓமுக்கு இறங்கிவிடும். 25 ஓம் என்றே வைப்போம், பாதி நிழலில் 40 ஓம். 10,000 ஓமுக்கு எதிரே 25 என்ன, 40 என்ன? முழு வெயில் பட்டாலும் பாதி நிழல் விழுந்தாலும் வாசிப்பு 1020ஐ ஒட்டியே நிற்கும், வித்தியாசம் ஒன்றோ இரண்டோ. உங்கள் கருவி பொறுமையாக நிற்கவில்லை, சூரியன் நகர்ந்தது அதற்குத் தெரியவே இல்லை. நிழல் ஒரு எல்.டி.ஆரை முழுக்க மூடிய பிறகுதான் விழிக்கிறது.

10 கிலோஓமைக் கழற்றிவிட்டு 330 ஓம் போட்டுப் பாருங்கள். அதே கணக்கில் முழு வெயிலில் 951 அளவும், பாதி நிழலில் 912 அளவும் வரும். இடையில் கிட்டத்தட்ட 40 கிடைக்கிறதே! ரீச்சரின் பிள்ளைகள் 40 என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர்கள் இந்த வேலையை முன்பே செய்துவிட்டார்கள் போல. வெயிலில் தடையிக்கூடாக 14 மில்லிஅம்பியர் ஓடும், பரவாயில்லை. அது கூடாதென்றால் எல்.டி.ஆரின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி வெயிலைக் குறைக்கலாம்.

ஆகவே ரீச்சர், இங்கே இரண்டு சொல் வேண்டும். தெரிந்தும் அசையாமல் இருப்பது ஒன்று, தெரியாமல் அசையாமல் இருப்பது இன்னொன்று. முதலாவது நாம் வைப்பது, இரண்டாவது பிழை. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் பிள்ளை எதைத் திருத்துவது என்று தெரியாமல் நிற்பான்.

சாம்பல்தீவு மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா பிரித்தது எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாவதற்குச் சொல் தேட வேண்டியதில்லை, அவரே கொடுத்துவிட்டார்: குருட்டெல்லை.

முதலாவதற்கு ‘பொறுதி’ என்று எழுத வந்தேன். ஆனால் அந்தச் சொல்லை அளவுப் பிழைக்கு இடம் கொடுப்பதற்கு ஏற்கெனவே வைத்திருக்கிறோம். தடையியின் தங்க நிறக் கோடு காட்டும் 5 வீதமும் பொறுதி, இதுவும் பொறுதி என்றால் குழப்பம். ‘இறந்த’ என்பதையும் விடுவோம். இறந்தது திரும்பி வராது, இந்த மோட்டர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழும்புகிறது.

என் யோசனை ‘வாளாவெளி’. வாளா இருத்தல் என்றால் ஒன்றும் செய்யாமல் இருத்தல். செய்ய முடிந்தும் செய்யாமல் இருப்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் நடுவில் பஸ் நிறுத்தப் பெயர் மாதிரிக் கேட்கும் என்று சிரிப்பீர்கள், தெரியும்.

நிலாவெளி விடுதிக்காரர் எழுதியது:

வாளாவெளிக்கு எத்தனை மணிக்கு பஸ்?

கிண்ணியா திருத்துநர் எழுதியது:

330 போட்டுவிட்டேன். ஐயா சொன்னது சரி, இப்போது 953, 921 என்று நிழலைப் பார்க்கிறது. ஆனால் இதற்கு முன் நிம்மதியாக இருந்தது! இப்போது கச்சான் காற்று ஒரு வீச்சு வீசினால் பனல் ஆடுகிறது, கியரில் இருக்கும் ஆட்டத்துக்கு வாசிப்பும் ஆடுகிறது, மோட்டர் பைத்தியம் பிடித்தது போல் அடிக்கிறது. கண் திறந்த பிறகுதான் ரீச்சரின் 40 எனக்கும் தேவைப்படுகிறது. எவ்வளவு அகலம் வைக்கலாம்? அதிகம் வைத்தால் மின்சாரம் குறையாதா?

சீனக்குடா ஐயா எழுதியது:

பயப்படும் அளவுக்குக் குறையாது. பனல் சூரியனைவிட்டு 5 பாகை விலகினால் நேர் வெயிலில் இழப்பது அரை வீதத்துக்கும் குறைவு. 10 பாகை விலகினாலும் ஒன்றரை வீதம்தான். சூரியன் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். ரீச்சரின் தகரம் 30 மில்லிமீற்றர், எல்.டி.ஆர். 5 மில்லிமீற்றர். சூரியன் கிட்டத்தட்ட 5 பாகை சரிந்தால் பாதி எல்.டி.ஆர். நிழலுக்குள் வரும், அதுதான் அந்த 40. அதாவது நேராக நின்ற பனல் இருபது நிமிடம் சும்மா இருந்துவிட்டு ஒரு தடவை திரும்பினால் போதும்.

ஆனால் தம்பி பின்னடைவு என்று சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. 40இல் ஓடத் தொடங்கி, 39 வந்ததும் நின்றுவிட்டால் பனல் எப்போதும் எல்லையின் ஓரத்திலேயே தொங்கும். அடுத்த நிமிடமே மறுபடி ஓடும். தொடங்க ஓர் எண், நிற்க இன்னோர் எண் வேண்டும்:

```
int d = analogRead(A0) - analogRead(A1);
if (abs(d) > 40) odu = true;
if (abs(d) < 10) odu = false;
```

40க்கும் 10க்கும் நடுவில் அது முன்பு என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே செய்யும். இந்த நடுப்பகுதிதான் பின்னடைவு. 40க்குள் நின்ற மோட்டர் நின்றபடியே இருப்பதுதான் நீங்கள் பெயர் தேடும் பொருள். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் மாறிப்போகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். 10 வாற்று பனல் நல்ல நாளில் 50 வாற்றுமணி அளவு தரும். திருப்புவதால் 10 கூடுகிறது என்று வையுங்கள். அர்டுயினோ ஊனோ பலகையை 12 வோல்ற்று பற்றரியில் பகல் முழுக்க விட்டால் அதுவே 6 அளவு தின்றுவிடும். மோட்டரும் ஆடிக்கொண்டே இருந்தால் மிச்சமும் போய்விடும். இந்த அளவுப் பனலில் இது பாடத்துக்காகச் செய்வது, லாபத்துக்காக அல்ல.

உவர்மலை ஆசிரியை எழுதியது:

நன்றி ஐயா, கடைசிப் பந்தியைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் அறிக்கையில் சேர்க்கிறார்கள்.

வாளாவெளி அழகான சொல். வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், ‘வாளா’ என்றதும் இரண்டு பேர் மீனை நினைத்தார்கள், ஒருத்தி வாளை நினைத்தாள். விளக்கினால் புரிகிறது. விளக்காமல் புரிகிற சொல் கிடைக்காதா என்று ஓர் ஆசை. ‘அசையா எல்லை’ என்றால்?

சாம்பல்தீவு மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அசையா எல்லை என்றால் அசையாதது எல்லையா, மோட்டரா? நாளைக்கு யாராவது அந்த 40ஐ மாற்றவே கூடாது என்று புரிந்துகொள்வார்கள். வாளாவை நான் கைவிடவில்லை.

உவர்மலை ஆசிரியை எழுதியது:

ஒரு புதிய சிக்கல். நேற்று மாலை பனல் மேற்கே சாய்ந்தபடியே நின்றுவிட்டது. இன்று காலை கடலுக்கு மேலே சூரியன் ஏறி நல்ல வெயில். பனலோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. இரண்டு எல்.டி.ஆரும் மேற்கு வானத்தைப் பார்த்துச் சமமாகக் காட்டுகின்றன, வித்தியாசம் 3. பத்து மணிக்குப் பிறகுதான் வெயில் விளிம்பில் பட்டுத் திரும்பியது. பிள்ளைகள் இப்போது, மாலையில் இரண்டு வாசிப்பும் 50க்குக் கீழே போய்ச் சிறிது நேரம் நின்றால் கிழக்கு முனைச் சுவிட்சைத் தொடும்வரை ஓடு என்று எழுதுகிறார்கள்.

என் கேள்வி, அந்தக் காலை நேரம் எந்தச் சொல்லில் சேரும்? எண் 40க்குள்தான் இருக்கிறது, ஆகவே வாளாவெளி. சூரியனைக் காணவில்லை, ஆகவே குருட்டெல்லை.

சீனக்குடா ஐயா எழுதியது:

குருடு.

சாம்பல்தீவு மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இல்லை ஐயா. உங்கள் கணக்குப்படி குருடு என்பது வாசிப்பு உச்சியில் முட்டி நிற்பது. இங்கே வாசிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, பார்க்கும் திசைதான் பிழை. கண் நன்றாக இருக்கிறவர் முதுகைத் திருப்பி நின்றால் குருடர் என்போமா?

கிண்ணியா திருத்துநர் எழுதியது:

ரீச்சர், அறிக்கை எப்போது கொடுக்க வேண்டும்?

உவர்மலை ஆசிரியை எழுதியது:

வெள்ளிக்கிழமை. அறிக்கையில் ‘வாளாவெளி’ என்று எழுதி, முதல் தடவை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கிறோம். குருட்டெல்லையும் இருக்கிறது. காலை நேரத்துக்குப் பெயர் வைக்காமல் நடந்ததை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் மேசையில் அவர்கள் பேசுவது வேறு. இன்று கச்சான் கொஞ்சம் கூட. ஒருவன் பனலைப் பிடித்துக்கொண்டு, ‘டேய், சும்மாவை எவ்வளவுக்கு ஏற்ற?’ என்று கேட்டான். கணினியில் இருந்தவள் திரும்பாமலே, ‘சும்மா அறுபது வை’ என்றாள்.

சாம்பல்தீவு மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அறிக்கையை அச்சிட்டுவிட்டீர்களா?