தலையீற்று நாகு மடியைத் தொட விடுவதில்லை, மடியும் வீங்குகிறது

ஒட்டுசுட்டான் அக்கா: எங்கள் ஜேர்சிக் கலப்பு நாகுக்குத் தை 5 இல் சினை ஊசி போட்டது. கணக்குப்படி ஐப்பசி 12 அளவில் கன்று போட வேண்டும். இன்னும் மூன்று கிழமை இருக்க, மடி வீங்கத் தொடங்கிவிட்டது. கை வைத்தால் உதைக்கிறாள். தவிடும் புண்ணாக்கும் 2 கிலோ, கொஞ்சம் உப்பும் போடுகிறேன். இப்பவே கறந்து விடலாமா?

மாங்குளம் தம்பி: தீனியை அடியோடு நிறுத்துங்கள் அக்கா. கொழுத்தால் கன்று போடக் கஷ்டப்படும். மடியையும் கறந்து இளக்குங்கள்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்: கொழுக்கக்கூடாது என்பது சரி தம்பி. ஆனால் நிறுத்தினால் கன்று போட்ட பிறகு பாலுக்குத் தெம்பிருக்காது. பிள்ளை, அந்த 2 கிலோவைக் காலை ஒன்று, மாலை ஒன்று எனக் கொடுங்கள், உப்பை மட்டும் நிறுத்துங்கள். உப்பு கூடினால் வீக்கமும் கூடும். கறக்க வேண்டாம், கடும்பு வீணாகும். காம்பு நுனியில் இருக்கும் அடைப்பும் உடைந்து கிருமி உள்ளே போகும். வீங்கிய இடத்தில் விரலால் அழுத்துங்கள். குழி விழுந்து மெல்ல மேலெழும்பினால் அது நீர். ஒரு பக்கம் மட்டும் சூடாகவும் கல்லுப்போலவும் இருந்தால் அன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

புதுக்குடியிருப்பு அண்ணை: என் மாடு மூன்றாம் ஈற்றில் கன்று போட்ட அன்றே விழுந்து கிடந்தது. இதற்கும் இப்பவே கல்சியம் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்: அது பால் காய்ச்சல் அண்ணை, தலையீற்றில் அரிது. முன்கூட்டிக் கல்சியத்தை அள்ளிக் கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடும்.

பிள்ளை, உதைக்குக் காலைக் கட்டாதீர்கள். தீனி தின்னும்போது கழுத்தில் தடவி, முதுகு, வயிறு, தொடை என்று வாருங்கள். கையை எடுக்காமல், பேசிக்கொண்டே. மடியில் கை பட்டு அவள் அசையாமல் நின்றபின் எடுங்கள். உதைத்த உடனே எடுத்தால் உதைத்தால் கை போகும் என்று பழகிவிடுவாள்.

ஒட்டுசுட்டான் அக்கா: மூன்று நாள் செய்தேன் ஐயா. வயிறு வரை விடுகிறாள். குழி விழுகிறது, சூடில்லை. கன்று போட, கழிச்சல் வந்த கன்றுகள் நின்ற பழைய கொட்டிலில் விடலாமா? மழையும் வரப்போகிறது.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்: அங்கே வேண்டாம், கழிச்சல் கிருமி மண்ணில் இருக்கும். மேடான இடத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் கூரை போடுங்கள். மேல் மண்ணைச் சுரண்டி, சுண்ணாம்பு தூவி, ஒரு கிழமை காயவிட்டு, ஒரு சாண் தடிப்பில் காய்ந்த வைக்கல் பரப்புங்கள். நனைந்ததை அன்றன்றைக்கே மாற்றுங்கள். நீர்க்குடம் உடைந்து ஒரு மணித்தியாலமாகியும் குளம்பு தெரியாவிட்டால் இழுக்காமல் வைத்தியரை அழையுங்கள்.

மாங்குளம் தம்பி: கறக்கும்போதும் உதைத்தால்?

ஓய்வுபெற்ற போதனாசிரியர்: சிலது கன்று ஊட்டியபின் அடங்கும். சிலது அடங்காது. அவளைப் பார்த்துத்தான் சொல்லலாம்.