அம்மாவின் நுரையீரல் இரத்த அழுத்தம்: ஸ்கான் செய்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ

வணக்கம். நாங்கள் கோண்டாவில். அம்மாவுக்கு 61 வயசு. கிணத்தடிக்குப் போய் வரவே மூச்சு வாங்குது, பின்னேரத்தில கால் வீங்குது. வயசுதான் காரணம் எண்டு நாங்களும் விட்டிட்டம். எக்கோவில நுரையீரல் நாடியில அழுத்தம் கூட, வலது கீழறை பெருத்திருக்கு எண்டு வந்திருக்கு.

டொக்டர் விளங்கப்படுத்தினவர்: வலது கீழறையின்ர சுவர் மெல்லிசு, குறைஞ்ச அழுத்தத்துக்கு எண்டே அமைஞ்சது. நுரையீரல் நாடியில இரத்தம் ஓடுறதுக்கு எதிர்ப்புக் கூடினால் அந்தச் சுவர் முதல்ல தடிக்கும், பிறகு தாங்காமல் விரியும். விரிஞ்ச அறை நடுச்சுவரை இடப்பக்கம் தள்ள, இடது கீழறை நிரம்புறது குறையும், உடம்பின்ர பிரஷரும் இறங்கும். அப்ப வலது கீழறைத் தசைக்கே இரத்தம் காணாமல் போய், அது இன்னும் சோரும். பின்னால தேங்கினதுதான் கால் வீக்கம்.

இந்த நோயில ஐந்து வகை இருக்காம். இடது இதயக் கோளாறால வாறது இரண்டாம் வகை. நுரையீரல் நாடியே ஒடுங்கிற முதலாம் வகைக்கான மருந்தை அதுக்குக் குடுத்தால் கூடாதாம். அம்மாவுக்கு 2 வருசத்துக்கு முன் காலில இரத்தம் கட்டினது. அதால பழைய இரத்தக்கட்டி நுரையீரல் நாடியை அடைக்கிற நாலாம் வகையோ எண்டு சந்தேகம். அதெண்டால் சிலருக்கு ஒப்பரேஷனில கட்டியை உரிச்சு எடுக்கலாமாம்.

சிடி-யில கட்டி தெரியேல்லை. ஆனா அதை நம்பி விடேலாது, காற்றும் இரத்தமும் ஓடுறதை ஒப்பிடுற வீ-கியூ ஸ்கான் வேணும் எண்டுறார்.

இலங்கையில இந்த ஸ்கான் எங்க செய்யலாம்? பிறகு வலது இதயத்துக்குள்ள குழாய் விட்டு அழுத்தம் அளந்தவை ஆரும் இருக்கிறியளோ? எத்தினை நாள் தங்கவேணும்?